நாற்பது பதில் எழுதினேன், வந்தது பதினோரு பேர், இப்போது கணக்கும் முடங்கிவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?

ஊசிநூல்

தையல் மெஷின் பழுது பார்ப்பது பற்றி ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். இருபது வருடமாக மெஷினோடு வாழ்கிறவள், விஷயம் தெரியும், எழுதவும் வரும், ஆனால் படிக்கத்தான் ஆள் இல்லை. கேள்வி பதில் தளங்களில் பதில் எழுதினால் நம் பெயரும் தெரியும், ஆளும் வருவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு பெரிய தளத்தில் (பெயர் வேண்டாம்) மூன்று வாரத்தில் நாற்பது பதில் எழுதினேன். ஒவ்வொன்றின் அடியிலும் என் பக்கத்தின் முகவரி கொடுத்தேன். பாதிப் பதில்களைத் தளமே சுருக்கி மறைத்துவிட்டது. நேற்றிலிருந்து கணக்கே முடக்கம், "விளம்பரம்" என்று காரணம் சொல்கிறார்கள். இத்தனைக்கும் அங்கிருந்து வந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர்!

பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. காசுக்கு எதையும் விற்கவும் இல்லை. இது உண்மையிலேயே பலன் தரும் வழியா, இல்லை எல்லாரும் சும்மா சொல்லிக்கொண்டு திரிகிறார்களா?

லிங்க்மன்னன்

சும்மாதான் சொல்கிறார்கள். அந்தத் தளங்களில் நீங்கள் போடும் லிங்க் எல்லாம் நோஃபாலோ, அதாவது இந்த லிங்கைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. 2005லேயே தேடுபொறிகள் இதைக் கொண்டுவந்துவிட்டன. உங்கள் லிங்க் பக்கத்தின் மூலத்தில் இப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்:

```
<a href="..." rel="nofollow ugc">
```

இதனால் உங்கள் பக்கத்துக்குத் தேடலில் ஒரு இஞ்ச் கூட ஏற்றம் கிடையாது. நேரத்தை வீணாக்காமல் உங்கள் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கடைசிபெஞ்ச்

மன்னன் சொல்வதில் பாதி சரி. அந்த லிங்கை நம்பித் தேடலில் மேலே வர முடியாது, அது உண்மை. 2019 செப்டம்பரில் கூகுள் nofollow என்பதைக் கட்டளையாக இல்லாமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது, கூடவே வாசகர்கள் எழுதும் இடங்களுக்கு ugc என்ற ஒன்றையும் சேர்த்தது. அதை வைத்தும் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஊசிநூல் கேட்டது வேறு. இரவு பதினோரு மணிக்குத் துணியின் அடியில் நூல் பந்தாகச் சுருண்டு நிற்க, என்ன செய்வது என்று தேடி வருகிற ஒருத்திக்கு அந்த rel கண்ணில் படவே படாது. அவள் உங்கள் பதிலைப் படித்து, இந்த அம்மாவுக்கு விஷயம் தெரிகிறது என்று நினைத்தால் லிங்கை அழுத்துவாள், அவ்வளவுதான்.

ஊசிநூல், நீங்கள் எழுதிய பதில் ஒன்றை அப்படியே இங்கே போடுங்கள். பார்க்காமல் பேசுவது வீண்.

புதுவரவு

நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். பதில் எழுதினால் அந்தத் தளம் எழுதியவருக்குப் பணம் கொடுக்கும் என்றார்களே, எத்தனை பார்வை வந்தால் கொடுப்பார்கள்? கணக்கு முடங்கினால் அந்தப் பணம் போய்விடுமா?

காவலாள்

புதுவரவு, அது வேறு கதை, தனி இழை தொடங்குங்கள். இங்கே தளம் தரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, தங்கள் பக்கத்துக்கு வாசகரை வரவைப்பதைப் பற்றிப் பேசுகிறோம்.

ஊசிநூல் அக்கா, நான் வேறொரு தளத்தில் நான்கு வருடம் மட்டுறுத்துநராக இருந்தவன், எங்கள் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஒரு பதிலைப் பற்றிப் புகார் வந்தால் அந்தப் பதிலை மட்டும் நாங்கள் படிப்பதில்லை. அந்தக் கணக்கு எழுதிய எல்லாவற்றையும் வரிசையாகத் திறப்போம். நாற்பது பதில், நாற்பதிலும் ஒரே முகவரி, கணக்குக்கு வயது மூன்று வாரம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் முன்பே முடிவு பாதி எடுத்தாகிவிடும். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு நேரம் இருப்பதில்லை, அந்த வரிசை மட்டும்தான் தெரியும்.

ஸ்டேக் ஓவர்ஃப்ளோ வகைத் தளங்களில் இன்னும் கறார். பதில் ஸ்பேம் என்று போதுமான பேர் கொடி காட்டினால் அது தானாக மறைந்து, எழுதியவரின் புள்ளியில் நூறு பறிபோகும். உங்கள் சொந்தப் பக்கத்தைச் சுட்டினால் அது உங்களுடையது என்று அந்தப் பதிலிலேயே சொல்ல வேண்டும், சுயவிவரத்தில் சொல்லியிருப்பது மட்டும் போதாது. ரெடிட்டில் பத்துப் பதிவில் ஒன்றுக்கு மேல் சொந்தச் சரக்கு இருக்கக் கூடாது என்று வெகுகாலம் ஒரு வழக்கு உண்டு. இப்போது ஒவ்வொரு குழுவும் தன் விதியைத் தானே வைத்திருக்கிறது, சில குழுக்களில் சொந்த லிங்க் என்றாலே நீக்கம்தான்.

ஊசிநூல்

இதோ என் பதில். கேள்வி: "தைக்கும்போது அடியில் நூல் சிக்கிப் பந்தாகிறது, பாபினை மாற்றியும் சரியாகவில்லை."

"வணக்கம். இது பலருக்கும் வரும் பிரச்சினை. இதற்குப் பல காரணங்கள் உள்ளன. டென்ஷன், ஊசி, பாபின், நூலின் தரம் என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் படங்களுடன் விரிவாக விளக்கியிருக்கிறேன், இங்கே சென்று படிக்கவும்." கீழே என் முகப்புப் பக்கத்தின் முகவரி.

இதில் என்ன விளம்பரம் இருக்கிறது?

கடைசிபெஞ்ச்

கோபப்படாதீர்கள், இதில் விளம்பரம் மட்டும்தான் இருக்கிறது. லிங்கைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். கேட்டவளுக்கு என்ன மிஞ்சியது? எதுவாகவும் இருக்கலாம் என்பது மட்டும்தான். அது அவளுக்கே தெரியும், அதனால்தானே பாபினை மாற்றிப் பார்த்திருக்கிறாள்.

ஒரு கேள்வி. உங்களிடம் நேரில் ஒருத்தி இந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

ஊசிநூல்

மேல் நூலைத்தான். அடியில் பந்து கட்டினால் பெரும்பாலும் தப்பு மேலேதான் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்ப்பார்கள். ஃபுட் கீழே இருந்தால் மேல் நூலைப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் இறுக்கி மூடியிருக்கும், நூல் உள்ளே போய் உட்காராமல் விளிம்பிலேயே நிற்கும். அப்போது மேல் நூலுக்குப் பிடியே இருக்காது, தளர்ந்து தளர்ந்து கீழே இறங்கிச் சுருண்டுவிடும். பார்க்கிறவருக்கு அடியில் சிக்கு தெரிவதால் பாபின்மேல் பழி போடுவார்கள். ஃபுட்டைத் தூக்கி வைத்து, மேல் நூலை முழுக்க உருவி எடுத்துவிட்டு மறுபடி கோர்த்தால் பத்துக்கு எட்டு மெஷின் அங்கேயே சரியாகிவிடும். கோர்த்தபின் ஃபுட்டை இறக்கிவிட்டு ஊசிப் பக்கம் நூலை இழுத்துப் பார்க்க வேண்டும், இறுக்கமாக வர வேண்டும். ஃபுட் மேலே இருக்கும்போது வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி தளர்வாக வந்தால் நூல் இன்னும் தட்டுக்குள் போகவில்லை.

கடைசிபெஞ்ச்

இதுதான் பதில்! இதை ஏன் அங்கே எழுதவில்லை?

ஊசிநூல்

எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டால் என் பக்கத்துக்கு எதற்கு வருவார்கள்?

லிங்க்மன்னன்

அதேதான். சஸ்பென்ஸ் வைக்க வேண்டும். பாதியைச் சொல்லி, மீதி என் பக்கத்தில் என்று நிறுத்தினால்தான் ஆள் வரும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

விண்மீன்பித்தன்

நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதனால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவர்களுக்கான பக்கம் என்னுடையது. சஸ்பென்ஸ் வைத்து எழுதிய காலத்தில் லிங்கை அழுத்தியவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்த வேகத்தில் எரிச்சலோடு திரும்பிப் போனார்கள், பதிலின் கீழே ஒருவர் "கொக்கி" என்று எழுதிவைத்தார், அதற்கப்புறம் அந்தப் பதிலை யாரும் மதிக்கவில்லை.

பிறகு ஒரு முறை வெறுத்துப்போய், "சனிக் கோளின் வளையம் ஏன் எனக்குத் தெரியவில்லை" என்ற கேள்விக்கு முழுப் பதிலும் எழுதினேன். உருப்பெருக்கம் சுமார் இருபத்தைந்து, முப்பது மடங்காவது இருந்தால்தான் வளையம் தனியாகத் தெரியத் தொடங்கும், சாதாரண பைனாகுலரில் நீள்வட்டப் பொட்டாகத்தான் தெரியும், பதினைந்து வருடத்துக்கு ஒரு முறை வளையம் விளிம்பாகத் திரும்பி மெல்லிய கோடாகிவிடும், 2025ல் அப்படித் திரும்பியது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசியில் ஒரே வரி: வெவ்வேறு உருப்பெருக்கத்தில் சனி எப்படித் தெரியும் என்று நான் வரைந்த படங்கள் என் பக்கத்தில் உள்ளன. அந்த ஒரு பதிலிலிருந்து இன்றுவரை ஆள் வருகிறார்கள். கூட்டம் எல்லாம் இல்லை, வாரத்துக்கு நான்கைந்து பேர். ஆனால் வருகிறவர்கள் நாலு பக்கம் புரட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

கடைசிபெஞ்ச்

விண்மீன்பித்தன் சொன்னதில் கவனிக்க வேண்டியது அந்தப் படங்கள். அவர் பதிலைப் பதுக்கவில்லை, பதில் முடிந்த பிறகு அடுத்து எழும் கேள்விக்குத்தான் லிங்க் கொடுத்தார். ஊசிநூல் விஷயத்தில் அது என்ன? பந்து கட்டியதைச் சரி செய்துகொண்டவள் போய்விடுவாள், போகட்டும், அவள் எப்படியும் தங்கமாட்டாள். ஆனால் நூலைக் கோர்த்த பிறகும் தையல் சரியாக விழவில்லை, அடியில் சின்னச் சின்ன வளையம் நிற்கிறது, இது முன்பு இருந்த கோளாறா வேறா என்று ஒருத்திக்குச் சந்தேகம் வரும். அவளுக்கு வேண்டியது சொல் இல்லை, படம். துணியின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சரியான தையல், மேல் நூல் தளர்ந்த தையல், மேல் நூல் மிகவும் இறுகிய தையல் என்று படம் இருந்தால் தன் துணியை அதன் அருகில் பிடித்து ஒப்பிட்டுக்கொள்வாள். கேள்வி பதில் தளத்தில் அதை அழகாக வைக்க இடம் கிடையாது. அங்கே உங்கள் பக்கத்துக்கு வர அவளுக்கு உண்மையான காரணம் கிடைக்கிறது.

லிங்க் அந்தப் படங்கள் உள்ள பக்கத்துக்கே போக வேண்டும். முகப்புக்குப் போனால் அவள் மறுபடி தேட வேண்டும், தேட மாட்டாள். பக்கம் திறந்ததும் அவள் கேட்ட சொற்களே, "அடியில் நூல் பந்தாகிறது" என்பது, கண்ணில் பட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பதிலுக்கு ஒன்றில் லிங்க் வைத்தால் போதும், அதிலும் "இது என் பக்கம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மீதிப் பதில்களில் லிங்க் இல்லாவிட்டாலும் பெயரும் சுயவிவரமும் இருக்கின்றன, ஆர்வம் உள்ளவர்கள் அங்கே போய் அழுத்திப் பார்ப்பார்கள்.

லிங்க்மன்னன்

பத்துப் பதில் எழுதி ஒரு லிங்கா? யாருக்கய்யா அவ்வளவு நேரம்!

கடைசிபெஞ்ச்

நேரம் இல்லை என்றால் குறைவாக எழுதுங்கள், ஆனால் எந்தக் கேள்விக்கு எழுதுவது என்பதில் கொஞ்சம் நேரம் போடுங்கள். நாற்பது பேர் படிக்காத நாற்பது கேள்விக்கு எழுதுவதைவிட, தேடலில் முதல் பக்கத்தில் நிற்கிற ஒரு பழைய கேள்விக்கு எழுதுவது மேல். புதுக் கேள்வியை இரண்டு மூன்று நாள்தான் தளத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். பழைய கேள்விக்குத் தேடலிலிருந்து வருடக்கணக்கில் ஆள் வரும்.

நான் செய்வது இப்படி. உலாவியில் மறைவுச் சாளரத்தைத் திறந்து, மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் தட்டுவது போலவே தேடுவேன். "மெஷின் அடியில் நூல் சிக்குது" என்று பேச்சு வழக்கிலும் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. தளத்தின் பெயரோடு தேடினால் அந்தத் தளத்தில் என்னென்ன இருக்கின்றன என்று தெரியும்:

```
site:reddit.com bobbin thread bunching
```

ஆனால் இப்படித் தேடிக் கிடைப்பதெல்லாம் மக்கள் கண்ணில் படும் என்று அர்த்தமில்லை. site: போடாமல் தேடும்போதும் அந்தக் கேள்வி முதல் பக்கத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் உள்ளே போய் இருக்கிற பதில்களைப் படியுங்கள். நல்ல பதில் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடுங்கள், அதற்குக் கீழே நீங்கள் என்ன எழுதினாலும் யாரும் அதுவரை இறங்கி வர மாட்டார்கள். எல்லாம் ஒரு வரிப் பதில், இல்லை எல்லாரும் பாபினை மாற்று என்கிறார்கள் என்றால் அது உங்கள் இடம்.

ஒரு தொல்லை, சில இடங்களில் பழைய பதிவுகளைப் பூட்டி வைத்துவிடுவார்கள். ரெடிட்டில் சில குழுக்களில் ஆறு மாதம் கடந்த பதிவில் ஒன்றும் எழுத முடியாது. அதை முதலிலேயே பாருங்கள், எழுதி முடித்த பிறகு தெரிந்தால் வயிறு எரியும்.

ஊசிநூல்

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். பாதிப் பதில்களை என் பக்கத்திலிருந்து அப்படியே வெட்டி ஒட்டினேன். அது தப்பா? என் எழுத்துதானே.

காவலாள்

உங்கள் எழுத்துதான், ஆனால் உங்களுக்கே போட்டியாக நிற்கும். ஒரே பத்தி இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி பெரும்பாலும் ஒன்றைத்தான் காட்டும், பெரிய தளத்தையும் உங்கள் சின்னப் பக்கத்தையும் வைத்தால் எது மேலே வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவரின் சொல்லை எடுத்துக்கொண்டு புதிதாக எழுதுங்கள். அவர் பாபினை மாற்றினேன் என்றாரா, அதிலிருந்து தொடங்குங்கள். ஒட்டிய பதில் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் அது கேள்வியின் பாதியைக் கண்டுகொள்ளாமல் பேசும்.

இன்னொரு விஷயம், ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் தளங்களில் நீங்கள் எழுதுவதும் ஏற்றும் படமும் CC BY-SA உரிமத்தில் போகும், உங்கள் பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். படங்களைக் கைக்குள் வைத்துக்கொள்ள நினைத்தால் அங்கே ஏற்றாதீர்கள்.

விண்மீன்பித்தன்

அந்தப் பதினோரு பேர் என்ற கணக்கிலும் எனக்குச் சந்தேகம். என் பக்கத்தின் புள்ளிவிவரத்தில் தளத்தின் பெயர் மட்டும்தான் தெரிகிறது, எந்தப் பதிலிலிருந்து வந்தார்கள் என்று தெரிவதில்லை. உங்களுக்கும் அப்படித்தானா?

கடைசிபெஞ்ச்

எல்லாருக்கும் அப்படித்தான். 2020லிருந்து குரோம் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, தளம் வேறு மாதிரி சொல்லாத வரை, முழு முகவரியையும் தராமல் தளத்தின் பெயரை மட்டும்தான் தருகிறது. மற்ற உலாவிகளும் ஏறக்குறைய அப்படியே. அதுமட்டுமல்ல, செல்பேசிச் செயலிக்குள் இருந்து அழுத்துகிறவர்களில் பலர் எந்தப் பெயரும் இல்லாமல் "நேரடி" என்ற கணக்கில் போய் விழுவார்கள். ஆகவே பதினொன்று என்பது குறைந்தபட்சம், உண்மையில் கூடுதலாக இருந்திருக்கும்.

லிங்கின் வாலில் இப்படி ஒரு அடையாளம் சேர்த்தால் எந்தப் பதில் என்று தெரியும்:

```
?utm_source=qa&utm_content=adinool
```

காவலாள்

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். இந்த வாலைப் பார்த்தாலே மட்டுறுத்துநருக்கு யாரோ பிரச்சாரம் நடத்துகிறார்கள் என்றுதான் தோன்றும். எனக்குத் தோன்றியது, நீக்கியும் இருக்கிறேன். சுருக்கிய லிங்க் இன்னும் மோசம், பல தளங்கள் அதை ஏற்கவே ஏற்காது.

கடைசிபெஞ்ச்

நான் வருடக்கணக்காகப் போடுகிறேன், ஒரு முறையும் நீக்கப்படவில்லை. ஆனால் நீங்கள் உள்ளே இருந்தவர், உங்களைப் பொய் என்று சொல்ல முடியாது. வால் வேண்டாம் என்றால் அந்தப் பதிலுக்காகவே ஒரு தனிப் பக்கம் வைத்து, வேறெங்கும் அதைச் சுட்டாமல் விடலாம். அதற்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பதிலிலிருந்து வந்தவர்கள் என்று கிட்டத்தட்ட எடுத்துக்கொள்ளலாம், தேடலில் அது தலைகாட்டாத வரை.

புதுவரவு

கணக்கு முடங்கினால் வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்கு தொடங்கிவிடலாமே?

காவலாள்

வேண்டவே வேண்டாம். அதே முகவரியோடு புதுக் கணக்கு வந்தால் ஒரு நாளில் பிடிபடும், அப்புறம் உங்கள் பக்கத்தின் பெயரையே தடைப்பட்டியலில் போட்டுவிடுவார்கள். வேறு யாராவது நல்லெண்ணத்தில் உங்கள் பக்கத்தைச் சுட்டினாலும் அது ஏறாது. முறையீடு எழுதுங்கள் அக்கா. நான் நல்லவள் என்று எழுதாதீர்கள், எந்தெந்தப் பதில்களை நீக்கப் போகிறீர்கள், எவற்றைத் திருத்தப் போகிறீர்கள் என்று பட்டியல் கொடுங்கள்.

ஊசிநூல்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். இழை இன்னும் திறந்திருப்பது நல்லதாகப் போயிற்று.

முறையீடு இரண்டாம் முறைதான் எடுபட்டது. முப்பத்தொரு பதில்களை நீக்குகிறேன், ஒன்பதைத் திருத்துகிறேன் என்று எழுதினேன், கணக்கைத் திறந்துவிட்டார்கள். லிங்கை ஒரே ஒரு பதிலில் வைத்தேன், அந்தப் பந்து கட்டும் கேள்விதான். இங்கே நான் எழுதியதையே கொஞ்சம் சீர்செய்து போட்டேன், முதல் வரியிலேயே "பாபினை விடுங்கள், மேல் நூலைப் பாருங்கள்" என்று தொடங்கினேன். படங்களுக்குத் தனிப் பக்கம் வைத்தேன், வால் இல்லை. ஐந்து வாரத்தில் அதற்கு முப்பத்தெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். ஆறு பேர் அங்கிருந்து மற்ற பக்கங்களுக்கும் போயிருக்கிறார்கள். போன வாரம் முதல் முறையாக ஒருவர் தேடலில் என் பக்கத்தின் பெயரையே தட்டி வந்திருக்கிறார், கூகுளின் சர்ச் கன்சோலில் பார்த்தேன். அது அந்தப் பதிலால்தானா என்று சத்தியம் செய்ய முடியாது.

கொஞ்சம் அவமானமான செய்தியும் உண்டு. வந்தவர்களில் ஒரு பெரியவர் எழுதினார்: மிகப் பழைய சில மெஷின்களில் ஃபுட்டைத் தூக்கினாலும் டென்ஷன் தட்டு தளராது, நீங்கள் சொன்ன இழுத்துப் பார்க்கும் சோதனை அங்கே பொய்யாகிவிடும் என்று. சரிதான், அந்த மெஷின்கள் என் கைக்கு அதிகம் வந்ததில்லை. பக்கத்தையும் பதிலையும் திருத்தி, அவர் சொன்னார் என்று பெயர் போடாமல் குறித்தேன்.

லிங்க்மன்னன்

முப்பத்தெட்டுப் பேருக்கு ஏழு வாரமா?

ஊசிநூல்

ஆமாம். முன்பு நாற்பது பதிலுக்குப் பதினோரு பேர், இப்போது ஒரு பதிலுக்கு முப்பத்தெட்டு. அடுத்து "தைக்கும்போது தையல் விட்டு விட்டு விழுகிறது" என்ற கேள்வியைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் வருகிறது, உள்ளே நான்கு பதில், மூன்று பேர் எண்ணெய் விடச் சொல்கிறார்கள். நான்காவது பதிலில் ஊசியை மாற்றச் சொல்லியிருக்கிறார், அது சரியான பதில், ஆனால் ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. கடைசிபெஞ்ச், நல்ல பதில் இருந்தால் விட்டுவிடு என்றீர்களே, இதை என்ன செய்வது? தனிப் பதில் எழுதுவதா, அவர் பதிலின் கீழே கருத்தாகச் சேர்ப்பதா?

கடைசிபெஞ்ச்

கருத்தாகச் சேருங்கள், லிங்க் வேண்டாம். அவர் பதிலில் அதைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் பெயர் அங்கே நிற்கும். ஒரு மாதம் பார்த்தும் சேர்க்கவில்லை என்றால் தனிப் பதில் எழுதலாம்.

காவலாள்

நான் நேராகத் தனிப் பதிலே எழுதச் சொல்வேன். கருத்தை யார் படிக்கிறார்கள்?